தாணப்பன் பேருக்கு வந்த மூன்று உருப்படி

பூங்கனி என்ற பெயரை அழகியநாயகி முதன்முதலில் கேட்டது ஒரு மதியச் சாப்பாட்டின் நடுவில். அன்றைக்கு உள்ளித் தீயல் குழம்பு. அவள் வீட்டுக்காரர் தாணப்பன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த மகன் பத்மகுமார் இலையைப் பார்த்தபடியே சொன்னான்.

“அப்பா, நான் ஒரு பெண்ணைப் பாத்து வச்சிருக்கேன். ஊரு சிதறாலு. நர்ஸ் வேலை. பேரு பூங்கனி.”

தாணப்பன் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரியின் மகள் என்றான் அவன். தாணப்பன் எழுந்தார், கை கழுவவில்லை. உள்ளே போய் மகனுடைய துணிமணி, புத்தகம், பாய், தலையணை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து முற்றத்து மண்ணில் வைத்தார். எறியவில்லை, ஒவ்வொன்றாக வைத்தார். அதைத்தான் அழகியநாயகியால் பொறுக்க முடியவில்லை. எறிந்திருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம்.

அந்தக் குடும்பத்தில் தலைமுறையாக ஒரு பிடிவாதம் உண்டு. ஒருத்தருடைய சாமான் வாசற்படி தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது. பகையாளி ஆனாலும் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். சாமானை வெளியே வைத்துவிட்டாலோ அந்த ஆளுக்கு அந்த வீடு இல்லை. தாணப்பனின் அப்பா காலத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது.

பத்மகுமார் முற்றத்துச் சாமானில் ஒன்றைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனான். வடக்கே போபாலில் இருக்கிறான், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார்கள். நம்பரை மாற்றிவிட்டான். அந்தப் பெண்ணின் பெயரை வீட்டில் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் ஆடியில் தாணப்பன் இறந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். கொள்ளி வைக்க மகன் இல்லை. தம்பி மகன் வைத்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் அஞ்சு, தக்கலையில் ஒரு வக்கீல் ஆபீசில் இருக்கிறவள், அப்பாவின் போனை நிறுத்திவிடலாம் என்றாள். அழகியநாயகி சம்மதிக்கவில்லை.

“அண்ணனுக்கு இந்த நம்பர் ஒண்ணுதான் தெரியும். என்னைக்காவது கூப்பிட்டாம்னா யாரு எடுப்பா?”

“அவன் எங்கம்மா கூப்பிடப் போறான்?”

“கூப்பிடாட்டா போகட்டு. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அப்படித்தான் அந்தப் போன் இருந்தது. கொடியில் தாணப்பன் கடைசியாகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை தொங்கும். அதன் பையிலேயே போனும் இருக்கும். சார்ஜ் போட மட்டும் எடுப்பாள், போட்டுவிட்டுத் திரும்ப அதே பையில் வைப்பாள். மகன் இருக்கிறானா இல்லையா என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் கேட்டுத் தெரிய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொல்லக் கூடியது அந்தப் பை ஒன்றுதான்.

கார்த்திகையில் மழை மூடிக்கொண்டிருந்த ஒரு காலை. அறை இருட்டாகவே கிடந்தது. அவள் பால் காய்ச்சிவிட்டுத் திரும்பும்போது கொடியில் தொங்கிய சட்டையின் நெஞ்சுப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. துணிக்குள்ளிருந்து மங்கலாக, உள்ளே ஏதோ மூச்சு விடுவது போல எரிந்து அணைந்தது. ஒரு மணிச் சத்தமும் கேட்டது.

எடுத்துப் பார்த்தாள். இங்கிலீஷில் ஏதோ செய்தி. பேங்குக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே போல ஒன்று. அடுத்த நாள் சாயங்காலம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அஞ்சு வந்தபோது போனை நீட்டினாள்.

அஞ்சு வாசித்தாள். திரும்ப வாசித்தாள். முகம் மாறிப்போயிற்று.

“எம்மா, இது ரெயில்வேக்காரன் அனுப்புனது. அப்பா பேருக்குப் பார்சல் வருது.”

“எந்த அப்பா பேருக்கு?”

“நம்ம அப்பா பேருக்குத்தாம்மா. தாணப்பன்னு போட்டிருக்கு. மூணு உருப்படி. போபால்ல பதிஞ்சிருக்கு. ரெண்டாவது செய்தி, போபால்ல வண்டியில ஏத்தியாச்சுங்குது. மூணாவது, திருவனந்தபுரத்துல இறக்கியாச்சு. அங்கயிருந்து வேற வண்டி மாத்தி நாகர்கோவிலுக்கு வரும் போல.”

அழகியநாயகி கொடியைப் பார்த்தாள். சட்டை காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போன மனுஷர் பேருக்கு ஏதோ ஒன்று ஊர் ஊராக இறங்கி ஏறி வந்துகொண்டிருக்கிறது. வருகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் அவருடைய நெஞ்சுப் பையைத் தட்டிச் சொல்லிவிட்டு வருகிறது.

“யாரு அனுப்புனது?”

“அது இதுல இல்ல.”

திங்கட்கிழமை தபால்காரர் ஒரு ஸ்பீட் போஸ்ட் கவர் கொண்டுவந்தார். மேலே தாணப்பன் பெயர் தமிழில். உள்ளே கடிதம் கிடையாது, ஒரு வரி எழுத்தும் கிடையாது. ரெயில்வே ரசீது ஒன்று மட்டும். அந்த ரசீதைக் காட்டினால்தான் சாமானைக் கொடுப்பார்கள். அதனால் அனுப்புகிறவர்கள் பதிந்த கையோடு ரசீதைத் தபாலில் முன்னால் தள்ளிவிடுவார்கள். கவரின் பின்பக்கம் அனுப்பியவர் பெயர் இருந்தது. அழகியநாயகி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பூங்கனி.

அஞ்சு போனில் முதலில் கேட்டது இதுதான். “அண்ணன் பேரு எங்கயும் இல்லியா?”

“இல்ல.”

அழகியநாயகி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எம்மா, நீ போகாத. நான் சொல்லுகதக் கேளு. எடுக்க ஆளில்லாட்டா ரெயில்வேக்காரனே கொஞ்ச நாளு வச்சிருந்து ஏலம் போட்டிருவான். என்ன வருதுன்னே தெரியாது.”

“அவன் சாமானா இருந்தா?”

“அவன் சாமானா இருந்தா அவன் ஏன் கூட வரல?”

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அழகியநாயகி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாமான் முன்னால் வருகிறது. பின்னால் ஆள் வரவேண்டும். வராவிட்டால்?

மறுநாள் காலை சட்டைப் பை நாலாவது முறை எரிந்தது. நாகர்கோவிலில் இறக்கியாயிற்று. அஞ்சு லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள், திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

“இங்க இரணியல் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்துல கெடக்கு. அங்க இறக்கக்கூடாதா?”

அதற்கான பதிலை நாகர்கோவில் சந்திப்பில் பார்சல் கிளார்க் ஜெயசிங் சொன்னார். “இரணியல்ல வண்டி நிக்கிற நேரத்துக்கு ஆளு இறங்குகதே பெரும்பாடும்மா. சாமான் ஏத்தி இறக்கணும்னா வண்டி கொஞ்சம் நிதானமா நிக்கணும். அதனால பெரிய ஸ்டேஷன்லதான் எடுப்பம், கொடுப்பம்.”

பார்சல் ஆபீஸ் முன்னால் சாக்கும் வைக்கோலும் சுற்றிய மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஓடியது. ஜெயசிங் ரசீதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே தலையைத் தூக்கினார்.

“தாணப்பன் வரலியா?”

 அஞ்சுதான் சொன்னாள். “அவ்வோ தவறிட்டாவ சார். போன வருஷம்.”

“போன வருஷம் தவறுன ஆளுக்கா இந்த வாரம் பார்சல் போட்டிருக்கு?” ஜெயசிங் சிரிக்கப் பார்த்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். “உயிரோட இருந்தா ரசீதுக்குப் பின்னால கையெழுத்துப் போட்டு ஆளு அனுப்பலாம். இப்ப அது நடக்காதே. இறப்புச் சர்ட்டிபிகேட் வேணும், நீங்கதான் வாரிசுன்னு தெரியணும், பொறுப்பு எங்களுதுன்னு முத்திரைத்தாள்ல எழுதிக் கொடுக்கணும். பெரிய சார் பாத்து ஒப்புக்கிட்டாத்தான் உண்டு. வண்டியில இருந்து இறக்கிக் கொஞ்ச மணி நேரம் வரைக்கும் சும்மா வைப்பம். பொறவு இடத்துக்கு வாடகை ஏறும், பாத்துக்கிடுங்க.”

அழகியநாயகி மடியிலிருந்த பையை அவிழ்த்தாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், பென்ஷன் புத்தகம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் அடுக்கியிருந்தன.

“இதையெல்லாம் கையோட கொண்டுதான் நடக்கியளா?”

“ஒரு வருஷமா ஊருல எல்லாவனும் இதத்தான் மக்கா கேக்கான். அவ்வோ செத்துட்டாவன்னு நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டங்கான்.”

ஜெயசிங் எழுந்து பெரிய சாரிடம் போனார். அஞ்சு வெளியே போய் முத்திரைத்தாள் வாங்கிவந்தாள். வக்கீல் ஆபீசுக்காரி, எழுதவும் தெரிந்திருந்தது. மத்தியானம் தாண்டித்தான் ஒப்புதல் வந்தது. வாடகையும் கட்டினார்கள்.

“வாங்க, சாமானைப் பாத்துக்கிடுங்க.”

பிளாட்பாரத்து ஓரத்தில் மூன்று உருப்படியும் இருந்தன. சாக்கில் தைத்த பாத்திர மூட்டை ஒன்று. மடக்கிக் கட்டிய இரும்புக் கட்டில் ஒன்று. இரண்டின் மேலும் ரெயில்வேக்காரர்கள் மையால் நம்பரும் போபால், நாகர்கோவில் என்ற ஊர்க் குறியும் எழுதியிருந்தார்கள். மூன்றாவது ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதைச் சுற்றித் தைத்திருந்த சாக்கு வழியில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கிழிசலுக்குள்ளே வெள்ளைப் பெயிண்டில் தமிழ் எழுத்து தெரிந்தது.

அழகியநாயகி குனிந்து சாக்கை விலக்கினாள்.

அழகியநாயகி என்று எழுதியிருந்தது.

மகனுடைய கையெழுத்துதான். ‘ழ’வின் வாலை அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் சுருட்டுவான், வாத்தியார் அடித்தும் விடவில்லை. அவளுடைய பெயரை அவன் எதற்கு ஒரு பெட்டியில் எழுத வேண்டும்? இவள் எங்கே போகிறாள், இவளுக்கு எதற்குப் பெட்டி?

அஞ்சு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “எம்மா, வேண்டாம். விட்டுட்டு வா. அப்பா பேருக்கு ரசீது, உம் பேருல பெட்டி. எனக்கு என்னமோ போல இருக்கு.”

“ஏட்டி, கைய விடு.”

“உன்னையக் கூப்பிடுகதுக்கு வந்த மாதிரி இருக்கும்மா.”

அழகியநாயகிக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் மகன் கைபட்ட எழுத்தை ஏலத்துக்கு விட அவளால் முடியவில்லை. “கூப்பிட்டா போறேன்,” என்றாள். “அவனாவது கூப்பிட்டானே.”

புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். வண்டி பிடித்து ஏற்றினார்கள். பெட்டியைத் தூக்கும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம். இரண்டு மூன்று எட்டு வைத்தது போல ஒலித்து நின்றது. வண்டிக்காரனும் கேட்டான். அவன் பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. “இங்கயே இறக்கிருவமா?” என்றான் வண்டிக்காரன். பத்மகுமாரின் சாமான் அன்றைக்கு இருந்த இடம் அதேதான். அஞ்சு, “ஆமா, வெளியவே இருக்கட்டும்,” என்றாள்.

“உள்ள வைய்யி,” என்றாள் அழகியநாயகி. “வாசப்படி தாண்டி வைய்யி.”

மூன்றும் நடு அறையில் இறங்கின. தாணப்பனின் சட்டைக்கு நேர் கீழே பச்சைப் பெட்டி. பூட்டு தொங்கியது, சாவி இல்லை. உடைக்கலாம் என்ற பேச்சே எழவில்லை. கடைசி மணிச் சத்தம் சட்டைப் பையில் கேட்டது. அஞ்சு எடுத்து வாசித்தாள்: டெலிவரி ஆகிவிட்டது.

“இந்தச் செய்தி அனுப்புனவளுக்கும் போகும்மா. இப்ப அவளுக்கும் தெரியும்.”

அஞ்சு கூட இருக்கிறேன் என்று சொல்லியும் அழகியநாயகி அனுப்பிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. ஒரு வருஷத்தில் முதல் அழைப்பு. பெரிய நம்பர், தெரியாத நம்பர்.

எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு இருந்தது. தூரத்தில் வண்டிச் சத்தம்.

“யாரு?”

மூச்சு மட்டும்.

“குமாரா?”

மூச்சு ஒரு தடவை நின்று வந்தது. 

அழகியநாயகி பெட்டியைப் பார்த்தாள். பெட்டியிலிருந்த தன் பெயரையும் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் இருப்பது உயிரோ, மற்றதோ, இரண்டுக்கும் பொதுவாகச் சொன்னாள். “சாமான் வந்துட்டு. மூணும் வந்துட்டு. உள்ளதான் இறக்கி வச்சிருக்கேன். கேட்டியா? உள்ள.”

போன் அணைந்தது.

அதற்குப் பிறகு வந்த பகல்களை அவள் மறக்க முடியாது. வீட்டில் அவள் ஒருத்திதான், ஆனால் ஒருத்தி மாதிரி இல்லை. பெருக்கும்போது விளக்குமாறு பெட்டியில் இடித்தால் உள்ளே கொலுசு நடக்கும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். சோறு வடிக்கும்போது அவளையறியாமல் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருப்பாள். தன் துணிகளை மடித்து ஓரமாக வைத்தாள். போகிறதாக இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்குத் தேட வேலை இருக்கக்கூடாது என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. இரணியல் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒருத்தி இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. வேறு சாமான் இல்லை. அவள் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கியது.

அழகியநாயகி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள். ஆட்டோவுக்குள் பார்த்தாள். ஆட்டோ திரும்பிப் போயிற்று, அதன் பிறகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பின்னால யாரும் வரலியா?”

“இல்ல அத்தை.”

அவ்வளவுதான். அத்தை என்றதிலேயே இவள்தான் பூங்கனி என்று தெரிந்தது. அழகியநாயகி தூணடியில் உட்கார்ந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை இருவரையும் தாண்டி வாசற்படி ஏறி உள்ளே ஓடியிருந்தது. அதன் காலில் கொலுசு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“எம்மா, எம் பெட்டி இங்க இருக்கு!”

அழகியநாயகி எழுந்து வாசலுக்கு வந்தாள். பிள்ளை பச்சைப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே தாணப்பனின் சட்டை.

“இது உம் பெட்டியா மக்கா? உம் பேரு என்ன?”

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பூங்கனி தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்கிற வழக்கம் அவளுக்கும் கிடையாது. நாலு வருஷமாகப் பெற்ற பிள்ளையைச் செல்லம், கண்ணு என்றே கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளையே சொல்லிற்று.

“அழகியநாயகி.”

மூத்த பெண்பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவளின் பெயர். எவ்வளவு தூரம் போயும் மகன் அதை விடவில்லை. அழகியநாயகி அன்றைக்குத்தான் அழுதாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்கனி சொன்னது இது. பத்மகுமாருக்கு மஞ்சள் காமாலை கண்டு முற்றிவிட்டது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவள் கண்முன்னால்தான் போனான். அப்பா இறந்தது அவனுக்குத் தெரியாது. கடைசி நாட்களில் சொல்லியிருக்கிறான்: “நீ நேரா போய் நின்னா அப்பா உள்ள விடமாட்டாரு. சாமானை முதல்ல அனுப்பு. எங்க வீட்டுல சாமான் உள்ள இறங்கிட்டா ஆளையும் இறக்கித்தான் ஆகணும். அப்பா பேருக்கே அனுப்பு. வெளிய வச்சாருன்னா நீ வராத.”

“போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்கா.”

“உங்க குரலக் கேட்டதும் பேச்சு வரல அத்தை. ‘குமாரா’ன்னு கேட்டீங்க. நான் என்ன சொல்லுவேன்?”

போபால் ஸ்டேஷனில் சாமானைக் கொண்டுபோனபோது அங்கிருந்த ஆள் கேட்டானாம், நீ பயணம் போகிறாயா என்று. டிக்கெட் இருந்தால் அதைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். கூலி கூடுதல்தான், ஆனால் நீ ஏறுகிற வண்டியிலேயே, கடைசியில் கார்டு ஏறுகிற பெட்டியில், கூடவே வந்துவிடும், நீ இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றான். டிக்கெட் இல்லாமல் பார்சலாகப் போட்டால் கூலி குறைவு, ஆனால் வண்டியில் இடம் கிடைக்கும்போதுதான் போகும், நாள் சொல்ல முடியாது. அவள் பார்சலே போதும் என்றாள்.

“எதுக்குன்னு கேட்டான். அது எனக்கு முன்னால போகணும்னு சொன்னேன்.”

மூட்டையைத் தைத்து, மேலே அனுப்புகிறவர், பெறுகிறவர் இரண்டு முகவரியும் எழுதி, படிவத்தில் உள்ளே இருக்கிற சாமானையும் அதன் மதிப்பையும் போட்டுக் கொடுத்தாள். நிறுத்துப் பார்த்து, எடைக்கும் தூரத்துக்கும் கணக்குப் பண்ணிக் கூலி வாங்கினார்கள். பெறுகிறவர் நம்பர் கேட்டபோது பத்மகுமாரின் போனில் அப்பா என்றிருந்த நம்பரைக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு செய்தியும் அவள் போனுக்கும் வந்தது. திருவனந்தபுரத்தில் இறக்கியபோது ஒரு பிடி சோறு இறங்கவில்லை என்றாள். இங்கே ஒருத்தி பயந்த அதே செய்திக்கு அங்கே ஒருத்தியும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு வந்தாள். அண்ணியை முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிள்ளை வந்து கையைப் பிடித்ததும் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பூங்கனி துணிப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பச்சைப் பெட்டியைத் திறந்தாள். பத்மகுமாரின் சட்டைகள் நாலு. பிள்ளையின் பாவாடைகள். ஒரு கம்பளி.

அழகியநாயகி ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். அடி வரைக்கும் பார்த்தாள்.

“கொலுசு எங்க மக்கா?”

“எந்தக் கொலுசு அத்தை?”

“பெட்டிக்குள்ள வச்சிருந்ததல்லா? தூக்கும்போது சத்தம் கேட்டுதே.”

“கொலுசு ஒரு சோடிதான் உண்டு. இவ காலுலதான் கெடக்கு. கழட்டுனதே இல்ல.”

அஞ்சு அம்மாவைப் பார்த்தாள். வண்டியில் ஏற்றும்போது அவளும் கேட்டிருந்தாள். பெல்ட்டு பக்கிளாக இருக்கும் என்று சொல்லப் பார்த்தாள், பெட்டியில் பெல்ட்டும் இல்லை.  பிள்ளை காலி பெட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டு இரண்டு மூன்று எட்டு வைத்தது. அதே சத்தம்.

அதற்குப் பிறகு அழகியநாயகி சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அஞ்சுவிடம் கொடுத்தாள், நிறுத்திவிடு என்று. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மகனுடைய நாலு சட்டைகளோடு சேர்த்துப் பச்சைப் பெட்டியில் மடித்து வைத்தாள்.

பூங்கனி இப்போது தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். இரணியலுக்குப் பக்கத்தில் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள். போபாலிலிருந்து வந்த கட்டில் நடு அறையில் போட்டிருக்கிறது; பிள்ளையும் அவளும் அதில்தான் படுக்கிறார்கள்.